ஆளில்லாத ஸ்டேசனில் கோச்சி ஏன் அரை மணித்தியாலம் நிற்கிறது?

கேள்வி: "மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகும்போது சில சின்ன ஸ்டேசன்களில் கோச்சி அரை மணித்தியாலம் நிற்கிறது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. எங்களுக்குப் பிறகு வந்த கோச்சி எங்களுக்கு முன்னமே போய்விடுகிறது. இந்திய யூடியூப்காரர்கள் டெக்னிக்கல் ஹோல்ட், லூப் லைன், ஜங்சன், ஒரிஜினேட்டிங், டெர்மினேட்டிங் என்று சொல்கிறார்களே, அதெல்லாம் இதுதானா? தெரிந்தவர்கள் விளக்குங்கள்."

தம்பி, நான் ரயில்வேயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை செய்தது பெரும்பாலும் ஒற்றைப் பாதையில் உள்ள சின்ன நிலையங்களில்தான். கொழும்பில் கட்டுப்பாட்டு அறையில் நான் இருந்ததில்லை. அதனால் நிலையத்தில் நின்று பார்த்தால் தெரிகிற பக்கத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் நிற்கிற நிலையத்தில் உங்கள் ரயிலுக்குப் பெரும்பாலும் ஒரு வேலையும் இராது. நிற்பதற்கான காரணம் அடுத்த நிலையத்துக்கும் இந்த நிலையத்துக்கும் இடையில் உள்ள தண்டவாளத்தில் இருக்கும். கொழும்பிலிருந்து பொல்காவலை வரை போகப் பாதை, வரப் பாதை என்று தனித்தனியாக உண்டு. பொல்காவலையில் நம் பக்கம் திரும்பியதும் ஒற்றைப் பாதை. மாகோவில் யாழ்ப்பாணப் பாதையை விட்டுப் பிரிந்து கெக்கிராவை, ஹபரணை, கல்லோயா, பொலன்னறுவை, வெலிகந்தை, புணானை, வாழைச்சேனை, ஏறாவூர் என்று மட்டக்களப்பு வரும் 212 கிலோமீற்றரும் அப்படித்தான். போகிற ரயிலும் வருகிற ரயிலும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கடக்க ஒரே இடம்தான் உண்டு: இரண்டாவது பாதை போட்ட நிலையம்.

அந்த இரண்டாவது பாதைதான் லூப் லைன். நிலையத்துக்குச் சற்று முன்னால் முதன்மைப் பாதையிலிருந்து, ரயிலைப் பாதை மாற்றிவிடுகிற பொயின்ட் வழியாகப் பிரிந்து, மேடையின் நீளத்துக்கு அதன் பக்கத்திலேயே ஓடி, நிலையம் முடிந்ததும் மறுபடி முதன்மைப் பாதையில் சேர்ந்துவிடும். உங்கள் ரயில் ஒரு நிலையத்துக்குள் நுழையும்போது வேகம் நன்றாகக் குறைந்து, பெட்டி ஒருபக்கம் இழுத்தமாதிரி ஓர் ஆட்டம் ஆடினால், உங்களை லூப்பில் போட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். லூப் எல்லா இடத்திலும் இல்லை. நம் பாதையில் பல தரிப்பிடங்களில் ஒரு சின்ன மேடையும் பெயர்ப்பலகையும் மட்டும்தான் உண்டு. அங்கே ஆள் ஏறி இறங்கலாம், ரயில்கள் கடக்க முடியாது. லூப் உள்ள ஒரு நிலையத்திலிருந்து அடுத்த லூப் நிலையம் வரை உள்ள துண்டை நாங்கள் செக்சன் என்போம். ஒரு செக்சனுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான். இந்த ஒற்றை வரிச் சட்டத்திலிருந்துதான் உங்கள் அரை மணித்தியாலம் பிறக்கிறது.

அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவது எப்படி? நான் வேலைசெய்த காலம் முழுக்க எங்களிடம் இருந்தது டப்லெட் முறை. 1874இல் இங்கிலாந்தில் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் உருவாக்கிய கருவி இது. செக்சனின் இரண்டு முனையிலும் உள்ள நிலையங்களில் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டும் கம்பியால் இணைந்தவை. உள்ளே வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றிலும் இரண்டு நிலையத்தின் பெயரும் பொறித்திருக்கும். நான் ரயிலை அனுப்பவேண்டுமானால் அடுத்த நிலைய அதிபரை மணியடித்துக் கேட்பேன். பாதை வெறுமையாக இருந்தால் அவர் தன் கருவியில் சம்மதம் தருவார். அப்போதுதான் என் கருவியிலிருந்து ஒரு தகடு வெளியே வரும். வந்த கையோடு இரண்டு கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு இரண்டில் ஏதாவது ஒரு கருவிக்குள் திரும்பிப் போகும்வரை, யார் எவ்வளவு இழுத்தாலும் இரண்டாவது தகடு வராது. தகட்டைத் தோல் பைக்குள் வைத்து, பெரிய வளையத்தில் கோத்து ட்ரைவர் கையில் கொடுப்போம். மேடை நுனியில் நிலைய அதிபரோ ஊழியரோ வளையத்தோடு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இல்லாமல் ட்ரைவர் செக்சனுக்குள் போகக்கூடாது.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். நேரமும் தூரமும் விளங்குவதற்காக நான் வைத்தவை, அட்டவணையில் தேடவேண்டாம். நீங்கள் மட்டக்களப்பிலிருந்து வருகிறீர்கள். 7.00 மணிக்கு வாழைச்சேனைக்கு வந்து லூப்பில் நிற்கிறீர்கள். எதிரே கொழும்பிலிருந்து வருகிற ரயில் பிந்தி, 7.04க்குப் புணானையை விட்டுப் புறப்படுகிறது. அதன் ட்ரைவரிடம் புணானை - வாழைச்சேனைத் தகடு இருக்கிறது. இடைத்தூரம் 16 கிலோமீற்றர், வேகம் சராசரி மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் அது வந்துசேர 24 நிமிடம். 7.28க்கு உள்ளே வருகிறது. இந்த 28 நிமிடமும் உங்கள் ட்ரைவர், நிலைய அதிபர், கார்ட் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர ஒன்றும் செய்யமுடியாது. பயணிகளில் பாதிப்பேர் இறங்கித் தேத்தண்ணிக் கடை தேடிப் போய்விடுவார்கள்.

மறுகா உங்கள் கோபத்தைக் கிளப்புகிற கட்டம் வரும். பிந்தி வந்த அந்த ரயில் இரண்டு நிமிடம் நின்று மட்டக்களப்புப் பக்கம் போய்விடும். நீங்கள் இன்னும் நிற்பீர்கள். இதில் பாரபட்சம் இல்லை. நீங்கள் வந்து உங்கள் தகட்டைக் கொடுத்த நேரத்திலேயே உங்களுக்குப் பின்னால் உள்ள செக்சன் வெறுமையாகிவிட்டது. அதனால் எதிரே வருகிறவருக்கு வேண்டிய அடுத்த தகட்டை, அவர் வருவதற்கு முன்பே எடுத்து வைக்கமுடிந்தது. உங்களுக்கு வேண்டிய செக்சன் எது? அவர் இப்போதுதான் வெளியேறிய செக்சன். அவர் முழுதாக உள்ளே வரவேண்டும். கடைசிப் பெட்டியின் பின்னால் இருக்கும் அடையாளப் பலகையையோ இரவானால் சிவப்பு விளக்கையோ நிலையத்தில் உள்ளவர் கண்ணால் பார்க்கவேண்டும், வழியில் ஒரு பெட்டி கழன்று நிற்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அவர் கொண்டுவந்த தகட்டைக் கருவிக்குள் போட்டு, புணானைக்கு மணியடித்து, ரயில் வந்துவிட்டது என்று அறிவித்து, மறுபடி உங்களுக்காகச் சம்மதம் கேட்டு, புதிதாக ஒரு தகடு எடுக்கவேண்டும். பொயின்டை உங்கள் பக்கம் திருப்பிப் பூட்டவேண்டும். சிக்னல் இறக்கவேண்டும். கைதேர்ந்தவருக்கும் ஐந்தாறு நிமிடம் பிடிக்கும். ஆக 7.34. முன்னால் வந்தவர் பிந்திப் போவது ஒற்றைப் பாதையின் இயல்பு. எங்கள் நிலையங்களில் இதற்காக வாங்கிய ஏச்சுக்கு அளவில்லை.

"அந்த ரயிலைப் புணானையில் நிறுத்திவிட்டு எங்களை விட்டிருக்கலாமே" என்று கேட்பீர்கள். விட்டிருக்கலாம். நீங்கள் 7.02க்குப் புறப்பட்டு 7.26க்குப் புணானை போவீர்கள். அங்கே நிற்கிற பயணிகள் 7.04இலிருந்து 7.32 வரை காத்திருப்பார்கள். காத்திருப்பு கைமாறுமே தவிரப் பெரிதாகக் குறையாது. யாரை நிறுத்துவது என்று முடிவெடுப்பது மருதானையில் உள்ள கட்டுப்பாட்டு அறை. எந்த ரயில் முக்கியமானது, எது ஏற்கெனவே எவ்வளவு பிந்தியிருக்கிறது, இதற்குப் பின்னால் இன்னும் எத்தனை ரயில் வருகிறது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். லூப்பின் நீளமும் அதில் சேரும். எண்ணெய்த் தாங்கிகள் இழுத்து வருகிற நீளமான ரயில் சில லூப்புகளுக்குள் அடங்காது. வால் வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் முதன்மைப் பாதையில் போகிறவர் அதில் உரசுவார். அப்படியானால் கடப்பதை இன்னொரு நிலையத்துக்குத் தள்ளிவிடுவார்கள், உங்கள் காத்திருப்பும் அதோடு நீளும்.

இந்த நிதானத்தை ஏன் குறுக்கமுடியாது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 1921 ஜனவரி 26இல் வேல்ஸ் நாட்டில் அபர்மூல் என்ற சின்ன நிலையம். அங்கும் டப்லெட் கருவிதான், கருவியில் ஒரு பிழையும் இல்லை. வந்து நின்ற ரயிலின் ட்ரைவர் தான் கொண்டுவந்த தகட்டைக் கொடுத்தார். நிலையத்தில் அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறி, கருவிக்குள் போடப்படாமலேயே, அடுத்த செக்சனுக்குரிய தகடு என்று நினைத்து அதே ட்ரைவரிடம் திரும்பிப் போனது. பையைத் திறந்து பெயரைப் படித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். படிக்கவில்லை. எதிரே வந்த விரைவு ரயிலோடு மோதி 17 பேர் இறந்தார்கள். ட்ரைவர் வளையத்தை வாங்கியதும் புறப்படாமல் பையைப் புரட்டிப் பார்க்கிறாரே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரைத்தான் படிக்கிறார்.

நிலையத்துக்கு வெளியே, பற்றைக்காட்டுக்குள் நிற்பது வேறு கதை. எதிரெதிரே இரண்டு ரயிலும் ஒரே நேரத்தில் நிலையத்தை நெருங்கினால் இரண்டையும் ஒன்றாக உள்ளே எடுக்கமாட்டோம். ஒன்றின் பிரேக் சற்றுப் பிடிக்காமல் போய் அது தன் எல்லையைத் தாண்டினால், மற்றது அதன்மேல் வந்து விழும். ஒன்றை வெளிச் சிக்னலில் நிறுத்திவைத்து, மற்றது உள்ளே வந்து அசையாமல் நின்ற பிறகுதான் அதை எடுப்போம். ஏறாவூர் தெரிகிறது, கோச்சி நகரவில்லை என்று இறங்கி நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், சிக்னல் கை இறங்கியதும் ட்ரைவர் உங்களுக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்.

இனி ஜங்சன். நாம் சந்தி என்போம். இரண்டுக்கு மேற்பட்ட திசைகளில் பாதை பிரிகிற நிலையம். நம் வழியில் பொல்காவலை, மாகோ, கல்லோயா மூன்றும் அப்படி. அம்பாறைப் பக்கத்து ஆட்கள் கல்லோயா என்றதும் இங்கினியாகலைத் தண்ணீரை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது ஹபரணைக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் சந்தி. மாகோவிலிருந்து வருகிற பாதை இங்கேதான் திருகோணமலைக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று என்று பிரிகிறது. சாதாரண நிலையத்தில் இரண்டு பக்கம் மட்டும் பார்த்தால் போதும். சந்தியில் மூன்று பக்கத்துச் செக்சனும் வந்து முட்டுகின்றன. திருகோணமலை ரயில் ஒன்று பிந்தினாலும் அது மாகோப் பக்கத்துச் செக்சனைப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பிந்தல் மட்டக்களப்பு ரயிலுக்கும் ஒட்டிக்கொள்ளும். இணைப்பு ரயில் இருந்தால் அதில் வருகிற பயணிகளுக்காகவும் நிற்கவேண்டும். இஞ்சின் முன்னும் பின்னும் மாறவேண்டிய ரயிலானால் இன்னும் நேரம் பிடிக்கும். இஞ்சினைக் கழற்றி, லூப் வழியாகச் சுற்றிக்கொண்டு போய், மறுமுனையில் கொழுவி, பிரேக் கடைசிப் பெட்டி வரை பிடிக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்கலாம். இரண்டு முனையிலும் ட்ரைவர் அறை உள்ள பவர் செட் ரயிலுக்கு இந்தக் கரைச்சல் இல்லை, ட்ரைவர் மட்டும் நடந்து மறுமுனைக்குப் போவார்.

கல்லோயாவைச் சுற்றி இரவில் இன்னொரு காரணமும் உண்டு, யானை. ஹபரணை, கல்லோயா, மின்னேரியாப் பகுதியில் யானைக்காக வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்வார்கள். 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் ஒரு பயணிகள் ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். மெதுவாக ஓடினால் அந்தச் செக்சனைக் கடக்கிற நேரம் கூடும். அந்தக் கூடுதல் நேரம் முழுக்க எதிர்ப்பக்கத்து ரயில் ஏதோ ஒரு லூப்பில் நிற்கும். யானையே வராத இடத்தில் நிற்கிற உங்களுக்கு, காரணம் யானை என்று எப்படித் தெரியப்போகிறது?

நீங்கள் சொன்ன டெக்னிக்கல் ஹோல்ட் இதிலிருந்து வேறு. இந்திய ரயில்வேயில் அந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. ட்ரைவரும் கார்டும் மாறுவது, இஞ்சின் மாற்றுவது, பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புவது போன்ற ரயில்வேயின் சொந்த வேலைக்காக நிற்பது. அந்த நிறுத்தம் ஊழியர்களுக்கான அட்டவணையில் இருக்கும், பயணிகள் பார்க்கிற அட்டவணையில் இராது. அங்கே ஏறவோ இறங்கவோ டிக்கெட் கொடுக்கமாட்டார்கள். அதாவது அது முன்கூட்டியே தீர்மானித்தது. வாழைச்சேனையில் நீங்கள் நின்றது அன்றன்றைக்கு எதிர் ரயிலைப் பொறுத்து அமைவது. நாங்கள் அதைக் குரோசிங் என்றுதான் சொல்வோம். யூடியூப்காரர்கள் பலர் காரணம் தெரியாத எந்த நிறுத்தத்துக்கும் டெக்னிக்கல் ஹோல்ட் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

ஒரிஜினேட்டிங், டெர்மினேட்டிங் இரண்டும் ரயிலைப் பற்றிய பேச்சு. ஒரு ரயில் எங்கிருந்து புறப்படுகிறதோ அது அதற்கு ஒரிஜினேட்டிங் நிலையம், எங்கே பயணத்தை முடிக்கிறதோ அது டெர்மினேட்டிங். மட்டக்களப்பு நம் பாதையின் கடைசி நிலையம், அதனால் எல்லா ரயிலுக்கும் இரண்டில் ஒன்று. கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆட்கள் அங்கே வந்து பஸ் பிடிப்பதும் அதனால்தான். பயணிக்கு இதில் தெரியவேண்டியது ஒன்று உண்டு. வந்து முடிகிற பெட்டிகளே பெரும்பாலும் கழுவிக் கூட்டிச் சரிபார்த்து, அடுத்த ரயிலாகத் திரும்பிப் புறப்படும். கொழும்பிலிருந்து வருகிற ரயில் மூன்று மணித்தியாலம் பிந்தினால், அதே பெட்டிகள் திரும்பவேண்டிய ரயிலும் பிந்த வாய்ப்பு உண்டு. கேட்கும்போது "என் கோச்சி எத்தனை மணிக்கு?" என்பதோடு, "அந்தப் பெட்டிகள் வந்துவிட்டனவா?" என்றும் கேளுங்கள். வெள்ளம், தடம்புரள்வு போன்ற நாட்களில் பொலன்னறுவையோடோ வாழைச்சேனையோடோ ரயிலை முடித்துவிடுவதும் உண்டு. அன்றைக்கு அந்த நிலையமே அதற்கு டெர்மினேட்டிங்.

எந்தக் காரணத்துக்காக நிற்கிறோம் என்று மேடையிலிருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பக்கத்துப் பாதை வெறுமையாக இருக்கிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிற ரயிலுக்குரிய சிக்னல் கை இறங்கியிருக்கிறது என்றால், குரோசிங், இன்னும் சில நிமிடத்தில் ரயில் வரும். உங்களுக்குப் பின்னால் வருகிற ரயிலுக்குச் சிக்னல் கொடுத்திருந்தால், விரைவு ரயில் ஒன்று உங்களை முந்தப்போகிறது. இஞ்சின் கழன்றிருந்தால் அது தன் வேலைக்குப் போயிருக்கிறது, பயப்படாமல் இறங்கி நடக்கலாம். பையோடு புதிய ட்ரைவர் வந்து ஏறினால் ஆள் மாறுகிறது. இவை ஒன்றுமில்லாமல் நின்று, நிலையக் கடிகாரம் ஒரு குறித்த நிமிடத்தைத் தொட்டதும் புறப்பட்டால், ரயில் முந்தி வந்திருக்கிறது. அட்டவணை நேரத்துக்கு முன் எடுக்கக்கூடாது என்பதால் நின்றது.

இவற்றில் ஒன்றும் பொருந்தாவிட்டால் மேடையிலிருந்து ஊகிக்காதீர்கள். அடுத்த செக்சனில் ஒரு தண்டவாளம் வெடித்திருக்கலாம், முன்னால் போன ரயிலின் இஞ்சின் பழுதாகியிருக்கலாம், டப்லெட் கருவியின் கம்பி அறுந்திருக்கலாம். கம்பி அறுந்தால் தொலைபேசியில் பேசி, எழுத்தில் அனுமதி எழுதி ட்ரைவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவேண்டிவரும், அதற்கு நேரம் பிடிக்கும். இப்படியான நேரத்தில் நிலைய அதிபரிடம் கேட்பதுதான் வழி. ஆனால் அவர் கருவிக்கு முன்னால் நிற்கும்போதோ தொலைபேசியில் பெயரும் நேரமும் சொல்லிக்கொண்டிருக்கும்போதோ சன்னல் வழியாகக் கூப்பிடவேண்டாம். வெளியே வந்து வளையத்தை மாட்டிவிட்டு நிற்கும்போது, "ஐயா, எதிர் ரயில் எந்த ஸ்டேசனை விட்டிருக்கிறது?" என்று கேளுங்கள். எப்போது போவோம் என்று கேட்டால் அவரால் உறுதியாகச் சொல்லமுடியாது. எந்த ஸ்டேசனை விட்டது என்பது அவர் முன்னால் உள்ள பதிவுப் புத்தகத்தில் நிமிடத்தோடு எழுதியிருக்கும். அதை வைத்து இடைத்தூரத்தையும் ஐந்தாறு நிமிடத்தையும் கூட்டினால், தேத்தண்ணி குடிக்க நேரமிருக்கிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.